பொதுக் கோட்டாவில் வெயிட்டிங் லிஸ்ட், பக்கத்துக் கோட்டாவில் இடம்: ஒரே வண்டியில் இது எப்படி?

பாளை மீனா | 18 ஆகஸ்ட் 2025, காலை 9.40

செப்டம்பர் 12 வெள்ளி இரவு, எழும்பூரிலிருந்து திருநெல்வேலிக்கு நெல்லை எக்ஸ்பிரஸ் (12631), ஸ்லீப்பர். அப்பாவுக்கு 67, அம்மாவுக்கு 63, எனக்கு 38. மூன்று பேருக்கும் ஒரே டிக்கெட்டாகப் போட்டுப் பார்த்தால் GNWL48/WL31 என்று வருகிறது. அந்தக் கோட்டாப் பட்டியலில் GENERAL என்று இருப்பதை எதற்கோ தொட்டு LADIES என்று மாற்றினேன். AVAILABLE-0002. மறுபடி மாற்றி LOWER BERTH/SR. CITIZEN என்று வைத்தால் AVAILABLE-0017.

அதே வண்டி, அதே நாள், அதே வகுப்பு. பதினேழு இடம் காலியாக இருக்கும்போது எங்களை ஏன் வரிசையில் 31-ஆவதாக நிறுத்துகிறார்கள்? இதை எடுத்தால் வண்டியில் ஏதாவது பிரச்சினை வருமா?

ராஜாமணி | 18 ஆகஸ்ட், காலை 10.15

மூத்த குடிமக்கள் கோட்டாவில் அப்பாவுக்கு டிக்கெட் விலையும் குறையும், எடுங்கள். அம்மாவுக்கும் 58 தாண்டிவிட்டதால் கிடைக்கும். ஆனால் நீங்கள் கூடப் போகிறீர்கள் என்பதால் மூன்று பேரையும் அதிலேயே போட்டுவிடலாம், துணைக்குப் போகிறவர் என்று கணக்கு.

தண்டவாளத்தார் | 18 ஆகஸ்ட், பகல் 12.05

மீனா, அவசரப்பட்டு மூன்று பேரையும் போட்டுவிடாதீர்கள். துணைக்குப் போகிறவர் என்று ஒரு கணக்கு அந்தக் கோட்டாவில் கிடையாது. ஒரு டிக்கெட்டில் ஒருவர், அல்லது இருவர். இருவர் என்றால் இருவருமே வயதுத் தகுதி உள்ளவர்களாக இருக்க வேண்டும். 38 வயதுக்காரர் ஒருவர் சேர்ந்தால் அந்த டிக்கெட் அந்தக் கோட்டாவுக்கு வராது.

விலை குறையும் என்பதும் இப்போது இல்லை. ஆண்களுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கு 50 சதவீதமும் இருந்த சலுகை 2020 மார்ச் 20-ஆம் தேதியோடு நின்றது. அதற்கப்புறம் திரும்ப வரவில்லை. கோட்டா வேறு, கட்டணச் சலுகை வேறு. கோட்டா இன்றும் இருக்கிறது, முழுக் கட்டணத்தில்.

ராஜாமணி சார் சொன்ன 58 வயது அந்தப் பழைய சலுகைக்கான வயது. லோயர் பெர்த் கோட்டாவுக்குப் பெண்களுக்கு 45 வயது போதும், ஆண்களுக்குத்தான் 60. இது தெரியாமல் 50 வயதுப் பெண்கள் எத்தனையோ பேர் பொதுக் கோட்டாவில் காத்திருப்பதை கவுன்ட்டரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கான வழி இரண்டு டிக்கெட். அப்பாவும் அம்மாவும் ஒன்று, லோயர் பெர்த் கோட்டாவில். நீங்கள் தனியாக ஒன்று, மகளிர் கோட்டாவில்.

தண்டவாளத்தார் | 18 ஆகஸ்ட், பகல் 12.20

முக்கியமானதை விட்டுவிட்டேன். எது முதலில் என்பது. உங்கள் டிக்கெட்டை முதலில் எடுங்கள், அப்புறம் பெற்றோருடையது. மகளிர் கோட்டா சாதாரண மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளில் ஸ்லீப்பரில் மொத்தமே ஆறு பெர்த். கோச்சுக்கு ஆறு இல்லை, வண்டிக்கே ஆறு. அதில் இரண்டுதான் மிச்சம் என்று உங்கள் திரை சொல்கிறது. லோயர் பெர்த் கோட்டா அப்படியல்ல, ஸ்லீப்பரில் ஒவ்வொரு கோச்சிலும் ஆறிலிருந்து ஏழு. ஏழெட்டு ஸ்லீப்பர் கோச் உள்ள வண்டி என்றால் ஐம்பதைத் தொடும். பதினேழு அரை மணியில் தீராது, இரண்டு தீர்ந்துவிடும்.

பாளை மீனா | 18 ஆகஸ்ட், பகல் 1.02

எடுத்துவிட்டேன். எனக்கு S4-இல் மிடில். அவர்களுக்கு S7-இல் இரண்டும் லோயர். அப்பாவும் அம்மாவும் அருகருகே இருக்கிறார்கள், அது போதும். நான் மூன்று கோச் தள்ளி.

ஆனால் என் முதல் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. காலி இருந்தும் வரிசையில் நிறுத்துவது ஏன்?

தண்டவாளத்தார் | 18 ஆகஸ்ட், மாலை 6.30

இதற்குக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும்.

வண்டியில் இருக்கும் பெர்த்துகள் கணினியில் ஒரே குவியலாக இல்லை. முன்பதிவு திறக்கும் முன்பே பிரித்துவிடுவார்கள். இது மகளிருக்கு, இது லோயர் பெர்த் கோட்டாவுக்கு, இது மாற்றுத்திறனாளிகளுக்கு, இது தத்காலுக்கு, இது எமர்ஜென்சி கோட்டாவுக்கு. இவை எல்லாம் போக மிஞ்சுவதுதான் பொது. நீங்கள் GENERAL என்று கேட்கும்போது கணினி அந்தப் பொதுக் குவியலை மட்டும் பார்க்கிறது. அது தீர்ந்ததும் வெயிட்டிங் லிஸ்ட் தொடங்கும். பக்கத்துக் குவியலில் இடம் இருக்கிறதா என்று அதுவாகப் பார்க்காது, பயணியின் வயதை வைத்து உங்களை அந்தப் பக்கம் தள்ளிவிடவும் செய்யாது. நாம்தான் மாற்றிக் கேட்க வேண்டும்.

ஸ்லீப்பரில் புது வகைக் கோச் ஒன்றில் 80 பெர்த். எட்டு பெர்த் கொண்ட பத்து வரிசை. வரிசைக்கு இரண்டு என்று உள்பக்க லோயர் 20. சைடு லோயர் பத்து இருந்தாலும் அவை பெரும்பாலும் ஒரே பெர்த்தில் இருவர் உட்கார்ந்து போகும் ஆர்.ஏ.சி.க்குப் போய்விடும். ஆக, படுத்துக்கொண்டு போக உதவும் லோயர் 20-இல் ஆறோ ஏழோ இந்தக் கோட்டாவில் நிற்கிறது. மூன்றில் ஒரு பங்கு. இவ்வளவு இருப்பதால்தான் பொதுவில் எல்லாம் தீர்ந்த பிறகும் உங்களுக்குப் பதினேழு தெரிந்தது.

தேர்ட் ஏசியில் கோச்சுக்கு நான்கிலிருந்து ஐந்து, செகண்ட் ஏசியில் மூன்றிலிருந்து நான்கு.

வண்டியில் பிரச்சினை வருமா என்று கேட்டிருந்தீர்கள். வயது சரியாக இருந்தால் வராது. அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும், வயதைப் பார்க்கத்தான் கேட்பார்கள்.

கணபதி, கோவை | 19 ஆகஸ்ட், காலை 7.50

எங்கள் கதை வேறு. அம்மாவுக்கு 71. நான், மனைவி, அம்மா மூன்று பேரும் ஒரே டிக்கெட். அம்மாவுக்கு லோயர் என்று விருப்பம் குறித்துத்தான் போட்டேன். அப்பர் கொடுத்தது. முழங்கால் அறுவை சிகிச்சை செய்தவர். ராத்திரி முழுக்க அவர் என் பெர்த்தில் உட்கார்ந்தே வந்தார். வயது 71 என்று தெரிந்தும் அப்பர் கொடுக்கும் கணினியை என்ன சொல்வது? தேர்ட் ஏசி அது. மூத்த குடிமக்களுக்குத் தானாகவே லோயர் கிடைக்கும் என்றார்களே?

தண்டவாளத்தார் | 19 ஆகஸ்ட், காலை 9.10

தானாகக் கொடுக்கும் என்பது உண்மைதான். பொதுக் கோட்டாவில் 60 தாண்டிய ஆணுக்கும் 45 தாண்டிய பெண்ணுக்கும், விருப்பம் குறிக்காவிட்டாலும், லோயர் கொடுக்கப் பார்க்கும். ஆனால் அந்த நேரத்தில் பொதுக் குவியலில் லோயர் மிச்சம் இருந்தால்தான். நீங்கள் எடுத்த நேரத்தில் அது தீர்ந்திருக்கும். லோயர் பெர்த் கோட்டாவில் அந்தக் கவலையே இல்லை, அதில் இருப்பது எல்லாமே லோயர். வேறு எதுவும் அதில் கிடையாது.

அம்மாவை மட்டும் தனி டிக்கெட்டாக அதில் எடுத்திருந்தால் லோயர் கிடைத்திருக்கும், கோச் மாறியிருக்கலாம். சேர்ந்தே போக வேண்டும் என்றால் பொதுக் கோட்டாவிலேயே, குறைந்தது ஒரு லோயராவது கிடைத்தால் மட்டும் பதிவு செய் என்று ஒரு தேர்வு இருக்கிறது, பயணிகள் விவரத்துக்குக் கீழே. அதைக் குறித்தால், லோயர் இல்லாவிட்டால் டிக்கெட்டே எடுக்காது. அப்போதாவது வேறு வண்டி பார்க்கலாம்.

வண்டி கிளம்பிய பிறகும் ஒரு வாய்ப்பு உண்டு. லோயர் எங்காவது காலியாக இருந்தால், அப்பர் அல்லது மிடில் கிடைத்த முதியவருக்கு அதை டி.டி.இ. மாற்றிக் கொடுக்கலாம். அவர் வரும்வரை காத்திருக்காமல் போய்க் கேட்க வேண்டும்.

கணபதி, கோவை | 19 ஆகஸ்ட், காலை 9.32

71 வயது அம்மாவைத் தனிக் கோச்சில் விட்டுவிட்டு நான் தூங்குவதா? அதற்கு அப்பர் பெர்த்தே மேல் என்று சொல்வேன்.

வடிவு | 19 ஆகஸ்ட், முற்பகல் 11.00

கணபதி அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நாங்கள் பிரித்துத்தான் எடுக்கிறோம். அம்மா ஏறி உட்கார்ந்த பிறகு நான் போய் அந்த வரிசையில் மேல் பெர்த்தில் தனியாக வரும் யாரிடமாவது, என் பெர்த்துக்குப் போகிறீர்களா என்று கேட்பேன். லோயரை விட்டுக்கொடுக்கச் சொன்னால் யோசிப்பார்கள், அப்பருக்கு அப்பர் மாறச் சொன்னால் தயங்குவதில்லை. லோயர் கையில் இருந்து துணையைத் தேடுவது எளிது. துணை இருந்து லோயரைத் தேடுவது கஷ்டம்.

என் சந்தேகம் ஒன்று. மகளிர் கோட்டாவில் எட்டு வயது மகனைக் கூட்டிப் போகலாமா?

தண்டவாளத்தார் | 19 ஆகஸ்ட், முற்பகல் 11.25

போகலாம். 12 வயதுக்கு உட்பட்ட பையன் என்றால் அதே டிக்கெட்டில் வரலாம். அதற்கு மேல் என்றால் முடியாது. வயது வந்த ஆண் ஒருவர் சேர்ந்தாலும் முடியாது.

நீங்கள் சொன்ன பெர்த் மாற்றும் முறை நல்ல முறை. நான் யோசித்ததில்லை.

நாகூரான் | 19 ஆகஸ்ட், இரவு 8.45

தேர்ட் ஏசியில் LADIES போட்டுப் பார்த்தேன், நான் பார்த்த எந்த வண்டியிலும் அதில் பயன் இல்லை. ஸ்லீப்பருக்கு மட்டும்தானா?

தண்டவாளத்தார் | 19 ஆகஸ்ட், இரவு 9.30

நெல்லை, பொதிகை, பாண்டியன் போன்ற வண்டிகளில் ஸ்லீப்பரில்தான் பாருங்கள். தேர்ட் ஏசியில் மகளிருக்கு ஆறு பெர்த் என்பது ராஜதானி, துரந்தோ, கரீப் ரத் போன்ற, முழுக்க ஏசி ஆன வண்டிகளுக்கு. ஏசியில்தான் போக வேண்டும் என்கிற பெண்ணுக்கு 45 வயது ஆகியிருந்தால் லோயர் பெர்த் கோட்டா தேர்ட் ஏசியிலும் இருக்கிறது. 45-க்குக் கீழே என்றால் இந்த வண்டிகளில் பொதுக் கோட்டாதான்.

ராஜாமணி | 20 ஆகஸ்ட், காலை 6.55

மூத்த குடிமக்கள் சலுகை நின்றது தெரியும், கோட்டாவோடு சேர்த்துச் சொல்லிவிட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். இப்படி ஆறும் ஏழும் ஒதுக்கி வைத்து, அது நிரம்பாமல் போனால் யாருக்கு லாபம்? வெயிட்டிங் லிஸ்ட்டில் இருப்பவன் பேருந்தில் போவான், பெர்த் காலியாகப் போகும். இது சரியா?

தண்டவாளத்தார் | 20 ஆகஸ்ட், காலை 10.40

காலியாகப் போகாது சார். வண்டி கிளம்பும் முன் யாருக்கு எந்த இடம் என்று முதல் சார்ட் போடும்போது எல்லாக் குவியலிலும் மிஞ்சியதை ஒன்றாகச் சேர்த்துத்தான் காத்திருப்பவர்களுக்குப் பிரிக்கிறார்கள். மகளிர் கோட்டாவில் மிஞ்சியது முதலில் வெயிட்டிங் லிஸ்ட்டில் இருக்கும் பெண்களுக்கு, அப்புறம் மூத்த குடிமக்களுக்கு என்று முன்னுரிமை. அதனால்தான் WL 10-இல் இருக்கும் ஒரு பெண்ணுக்கு இடம் வந்து, WL 7-இல் இருக்கும் ஆணுக்கு வராமல் போகலாம்.

சார்ட் எப்போது என்பது 2025 ஜூலையில் மாறியது. முன்பு வண்டி கிளம்ப 4 மணி நேரம் முன்பு. அந்த ஜூலையில் அதை 8 மணி நேரம் ஆக்கினார்கள். பகல் 2 மணிக்கு முன் கிளம்பும் வண்டிகளுக்கு முந்தின இரவு 9 மணிக்கே என்று வைத்தார்கள். எழும்பூரிலிருந்து இரவு கிளம்பும் வண்டி என்றால் அன்று நண்பகல் வாக்கில் தெரிந்துவிடும். மாற்று ஏற்பாடு செய்ய நேரம் கிடைக்கிறது, இது எனக்கு மிகவும் பிடித்த மாற்றம்.

செல்வம், மதுரை | 20 ஆகஸ்ட், பகல் 2.20

எமர்ஜென்சி கோட்டா என்றால் தத்கால்தானே? பட்டியலில் எமர்ஜென்சி என்று எதுவும் இல்லையே. என் மைத்துனருக்கு, அக்கா கணவருக்கு, சென்னையில் இதய அறுவை சிகிச்சை. திங்கள்கிழமை இரவு வண்டியில் நானும் அக்காவும் போக வேண்டும். GNWL 22. தத்காலில் ஒரு முறை முயன்று கிடைக்காமல் போன அனுபவம் இருக்கிறது.

தண்டவாளத்தார் | 20 ஆகஸ்ட், பகல் 2.50

செல்வம், உடனே படியுங்கள், உங்களுக்கு நாள் குறைவு.

தத்கால் வேறு. அது யாரும் காசு கொடுத்து எடுப்பது, முந்தின நாள் ஏசிக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. எமர்ஜென்சி கோட்டா திரையில் வராது, ஏனென்றால் அதை யாரும் பதிவு செய்ய முடியாது. பொது வெயிட்டிங் லிஸ்ட்டில் ஏற்கெனவே எடுத்த டிக்கெட்டை, சார்ட் போடும் முன்பு, ஒரு அதிகாரி உத்தரவு போட்டு கன்ஃபர்ம் ஆக்குவதுதான் அது. கூடுதல் கட்டணம் ஒரு ரூபாய்கூட இல்லை. யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள்.

வழி: ஒரு வெள்ளைத் தாளில் கடிதம். பி.என்.ஆர்., வண்டி எண், தேதி, வகுப்பு, எங்கிருந்து எங்கே, எத்தனை பேர், இப்போதைய வெயிட்டிங் எண், காரணம், உங்கள் செல்பேசி எண். மருத்துவமனைக் கடிதத்தின் நகலை இணையுங்கள். கொடுக்க வேண்டிய இடம் வண்டி கிளம்பும் ஊர் எந்தக் கோட்டத்தில் வருகிறதோ அந்தக் கோட்ட அலுவலகம். மதுரையில் கிளம்பும் வண்டி என்றால் மதுரைக் கோட்டம். திருநெல்வேலியும் அதே கோட்டம்தான்.

இப்போது நேரம். இரவு வண்டி என்பதால் முந்தின நாள் மாலை 4 மணிக்குள் கடிதம் சேர வேண்டும். நள்ளிரவிலிருந்து பகல் 2 மணிவரை கிளம்பும் வண்டிக்கு முந்தின நாள் நண்பகல் 12-க்குள். பயண நாள் அன்று கொண்டுபோனால் வாங்க மாட்டார்கள். இது ஜூலையில் வந்த ஒழுங்கு. உங்களுக்கு முந்தின நாள் ஞாயிறு. விடுமுறை என்றால் அதற்கு முந்தைய வேலை நாளிலேயே கொடுத்துவிட வேண்டும். சனிக்கிழமையை நம்பாமல் வெள்ளிக்கிழமை காலையில் கொடுத்துவிடுங்கள்.

செல்வம், மதுரை | 20 ஆகஸ்ட், பகல் 3.05

வெள்ளிக்கிழமை போகிறேன். நன்றி சார். அக்காவுக்கு 49. ஆனால் நான் கூட இருப்பதால்தான் பொதுவில் போட்டேன்.

வடிவு | 20 ஆகஸ்ட், பகல் 3.20

செல்வம் தம்பி, அக்காவுக்கு 49 என்றால் லோயர் பெர்த் கோட்டா இருக்கிறதே! அவருக்கு மட்டும் தனியாக அதைப் போட்டுப் பாருங்கள். மகளிர் கோட்டாவும் பாருங்கள். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தானே. அவராவது உறுதியாகப் போய்ச் சேரட்டும். நீங்கள் பேருந்திலாவது வரலாம்.

செல்வம், மதுரை | 20 ஆகஸ்ட், பகல் 3.48

லோயர் பெர்த் கோட்டாவில் AVAILABLE-0004 இருந்தது, வடிவு அக்கா. எடுத்துவிட்டேன். பழைய டிக்கெட்டில் என் அக்கா பெயரை மட்டும் ரத்து செய்துவிட்டேன். இப்போது அதில் நான் மட்டும்.

தண்டவாளத்தார் | 20 ஆகஸ்ட், மாலை 4.15

வடிவு சொன்னது என் கடிதத்தைவிட முதலில் வந்திருக்க வேண்டிய யோசனை. ஒருவருக்கு இடம் கேட்டுக் கடிதம் கொடுப்பது இருவருக்குக் கேட்பதைவிட நல்லது, எமர்ஜென்சி கோட்டாவில் இருப்பதே சில பெர்த்துகள்தான்.

அதில் யாருக்கு முதலில் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அமைச்சர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள் போன்றவர்கள் முதலில், பதவி முன்னுரிமைப்படி. அவர்கள் போக மிஞ்சியதில்தான் மற்ற கோரிக்கைகளைப் பார்ப்பார்கள். அரசுப் பணி, வீட்டில் இறப்பு, நோய், வேலைக்கான நேர்காணல் என்று காரணத்தை எடை போடுவார்கள். அதனால் கிடைக்கும் என்று யாராலும் வாக்குக் கொடுக்க முடியாது. திங்கள் சார்ட் வந்த பிறகுதான் தெரியும். இணையத்தில் எடுத்த டிக்கெட் சார்ட்டுக்குப் பிறகும் வெயிட்டிங்கிலேயே இருந்தால் தானாக ரத்தாகிவிடும், அதை வைத்து ஏற முடியாது. ஞாயிறு காலை 11 மணிக்குத் தத்காலையும் ஒரு கை பாருங்கள்.

கணபதி, கோவை | 21 ஆகஸ்ட், காலை 8.05

இதுதான் எனக்குப் புரியாமல் இருந்த விஷயம். போன வருடம் என் தம்பிக்கு WL 3. வந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். வரவில்லை. அவனோடு வேலை பார்ப்பவர் WL 40-க்கு மேல், அவருக்கு வந்தது. அப்படியென்றால் வரிசைக்கு என்ன அர்த்தம்? நேர்மையாகக் காத்திருப்பவன் முட்டாளா?

தண்டவாளத்தார் | 21 ஆகஸ்ட், காலை 10.00

WL 40-க்கு வந்தது எமர்ஜென்சி கோட்டா வழியாக இருக்கலாம், அந்தப் பெர்த்துகள் வரிசையில் இருப்பவர்களுக்கானவை அல்ல. அதில் யாரும் கோரிக்கை வைக்காமல் மிஞ்சினால்தான் அது பொதுவுக்கு வரும். உங்கள் தம்பியின் WL 3 நகர வேண்டும் என்றால் யாராவது ரத்து செய்ய வேண்டும், அல்லது மற்ற குவியல்களில் மிஞ்ச வேண்டும். அன்று இரண்டும் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை இரவுகளில் எமர்ஜென்சி கோட்டா மிஞ்சி நான் அதிகம் பார்த்ததில்லை, செவ்வாய், புதன்களில் மிஞ்சும்.

நியாயமா என்றால், ஆபரேஷனுக்குப் போகிறவருக்குக் கிடைக்கும்போது நியாயம் என்று நினைக்கிறேன். சொந்த வேலையாகப் போகிறவர் யாரிடமோ கடிதம் வாங்கிக் கிடைக்கும்போது அப்படி நினைக்க முடியவில்லை. இரண்டும் ஒரே பட்டியலில்தான் வருகிறது.

ராஜாமணி | 21 ஆகஸ்ட், காலை 10.30

அப்படிக் கடிதம் வாங்குகிறவர்கள் மேல் நடவடிக்கை வேண்டும். காரணத்தைச் சரிபார்க்காமல் கொடுப்பதால்தான் உண்மையில் அவசரம் உள்ளவர் நிற்கிறார்.

கணபதி, கோவை | 21 ஆகஸ்ட், காலை 10.41

எப்படிச் சரிபார்ப்பார்கள்? தினம் வரும் நூறு கடிதத்துக்கும் மருத்துவமனைக்குப் போன் போடுவார்களா?

பாளை மீனா | 24 ஆகஸ்ட், மாலை 5.15

திரும்பி வருவதற்கு இன்று உட்கார்ந்தேன். செப்டம்பர் 14 ஞாயிறு இரவு, திருநெல்வேலியிலிருந்து 12632. போகும் வண்டியில் இருந்ததைப் பார்த்து இங்கேயும் இருக்கும் என்று விட்டுவைத்தேன். மகளிர் கோட்டா தீர்ந்துவிட்டது. லோயர் பெர்த் கோட்டாவில் AVAILABLE-0005. எங்களோடு அத்தையும் வருகிறார், 52 வயது. அப்பா, அம்மா, அத்தை மூன்று பேருக்கும் தகுதி இருக்கிறது என்று மூவரையும் ஒரே டிக்கெட்டில் போட்டேன். ஏற்கவில்லை.

தண்டவாளத்தார் | 24 ஆகஸ்ட், மாலை 5.40

மூவருக்கும் தகுதி இருந்தாலும் ஒரு டிக்கெட்டுக்கு இருவர்தான். அத்தையும் அம்மாவும் ஒரு டிக்கெட், அப்பா தனியாக ஒன்று. இரண்டையும் அடுத்தடுத்து எடுங்கள், இடையில் தாமதிக்க வேண்டாம். ஐந்துதான் இருக்கிறது.

வடிவு | 24 ஆகஸ்ட், மாலை 5.44

அப்பாவும் அம்மாவும் ஒன்றாக, அத்தை தனியாக என்று ஏன் இருக்கக் கூடாது?

தண்டவாளத்தார் | 24 ஆகஸ்ட், மாலை 5.52

இருக்கலாம். ஆனால் கோச் மாறினால் தனியாக இருக்கப்போவது யார் என்று யோசியுங்கள். அவர்கள் வீட்டில் யார் தனியாகச் சமாளிப்பார் என்பது மீனாவுக்குத்தான் தெரியும்.

பாளை மீனா | 24 ஆகஸ்ட், மாலை 6.20

அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, ராத்திரி மாத்திரை எடுத்துக் கொடுக்க அம்மா பக்கத்தில் வேண்டும். அவர்கள் இருவரும் ஒன்று, அத்தை தனி. அத்தை தைரியசாலி. மூன்றும் கன்ஃபர்ம். அத்தைக்கும் அதே கோச்தான் வந்தது, நாலு வரிசை தள்ளி.

எனக்குப் பொதுவில் GNWL 19.

செல்வம், மதுரை | 25 ஆகஸ்ட், பகல் 1.10

சார்ட் வந்துவிட்டது. எனக்கு எமர்ஜென்சி கோட்டாவில் வரவில்லை. வெள்ளிக்கிழமையே கடிதம் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு நன்றாகத்தான் பேசினார்கள். நேற்றுத் தத்காலும் கிடைக்கவில்லை. அக்காவுக்கு S5-இல் லோயர். அவரை வண்டியேற்றிவிட்டு நான் பேருந்தில் கிளம்புகிறேன்.

தண்டவாளத்தார் | 25 ஆகஸ்ட், பகல் 1.35

மைத்துனர் நலம் பெறட்டும். ஒன்று செய்து பாருங்கள். சார்ட்டுக்குப் பிறகு அதே வண்டியில் ஏதாவது ரத்தானால் அந்த இடத்தைப் புதிதாக எடுக்கலாம், வண்டி கிளம்ப அரை மணி நேரம் முன்பு இரண்டாவது சார்ட் வரும்வரை. இணையத்திலும் தெரியும், கவுன்ட்டரிலும் கேட்கலாம். பேருந்து டிக்கெட் எடுக்கும் முன் மாலையில் பாருங்கள்.

மீனா, ஞாயிறு இரவு சென்னை வண்டியில் 19 என்பது எந்தப் பக்கமும் போகலாம். போட்டதை அப்படியே வைத்திருங்கள். மகளிர் கோட்டாவில் யாராவது ரத்து செய்தால் அந்த இடம் அங்கேயே திரும்பத் தெரியலாம். அன்றாடம் காலையில் LADIES போட்டு ஒரு முறை பாருங்கள்.

பாளை மீனா | 31 ஆகஸ்ட், காலை 8.50

தினமும் பார்க்கிறேன். இதுவரை மகளிரில் வரவில்லை. பொதுவில் WL 11 ஆகியிருக்கிறது. செல்வம் அண்ணா, உங்கள் மைத்துனர் எப்படி இருக்கிறார்?

செல்வம், மதுரை | 31 ஆகஸ்ட், இரவு 9.25

ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். அன்று மாலை ஆறு மணிக்கு மேல் பார்த்தபோது அதே வண்டியில் ஒரு அப்பர் காலியாகத் தெரிந்தது, எடுத்துவிட்டேன். S9.